சிறிய பித்தளை கேரியேஜ் கடிகாரத்தின் காலத்தைக் கணிப்பது: சாவித் துளை, பெவல் கண்ணாடி, எஸ்கேப்மென்ட் என்ற வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையின் ஞாயிற்றுச் சந்தையிலும், கடலூர், புதுச்சேரிப் பகுதிகளின் பழைய வீடுகளிலும், மேலே கைப்பிடியும் நான்கு பக்கமும் கண்ணாடியும் கொண்ட, கேரியேஜ் கடிகாரம் எனப்படும் சிறிய பித்தளைக் கடிகாரங்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. இவற்றைக் கையில் எடுக்கும் புதியவர் பெரும்பாலும் மேல் கண்ணாடி வழியாகத் தெரியும் துடிக்கும் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டே ஒரு காலத்தைச் சொல்லிவிடுகிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சக்கரம் இருப்பது, ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து விட்டு வேகத்தைச் சீராக்கும் எஸ்கேப்மென்ட் பகுதியில். அதுவே கடிகாரத்திலேயே மிக எளிதாகக் கழற்றி மாற்றக்கூடிய பகுதியாகும். எனவே மாற்றுவதற்குக் கடினமானதை முதலிலும் எளிதானதைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். பின்தகட்டில் தொடங்கி, கண்ணாடிகளைப் பார்த்து, எஸ்கேப்மென்டில் முடிப்பதே இங்கே பின்பற்றும் வரிசை.

இந்த வழிகாட்டி பிரான்சில் செய்யப்பட்ட, சாவி கொடுத்து ஓட்டும் சிறிய கடிகாரங்களுக்கு மட்டும் உரியது. பேட்டரியில் ஓடுபவற்றுக்கு இது பொருந்தாது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, மெல்லிய ஒளிக்கற்றை தரும் டார்ச் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று, நல்ல கேமரா உள்ள கைப்பேசி ஒன்று ஆகியவை போதும். மேசையில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் கடிகாரத்தை வைக்க வேண்டும். தளர்ந்த திருகு ஏதேனும் விழுந்தால் உடனே தெரியும்.

கண்ணாடிச் சோதனைக்குக் குற்றலைப் புற ஊதா விளக்கு இருந்தால் நல்லது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் மலிவான ஊதா டார்ச் இதற்கு உதவாது. அதன் ஒளி 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான நெட்டலை, இங்கே தேவைப்படுவதோ 254 நானோமீட்டர். இந்த விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்யும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதை எரிய விடக்கூடாது.

ஸ்க்ரூடிரைவர் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே இடம்பெறவில்லை. காரணம் ஐந்தாம் பகுதியில் வருகிறது.

2. துலக்க வேண்டாம், சாவி கொடுக்கவும் வேண்டாம்

நம் பகுதியின் உப்புக் காற்றில் பித்தளை விரைவில் களிம்பு ஏறிவிடும். அதைக் கண்டதும் புளியைக் கரைத்துத் தேய்ப்பதோ, பளபளப்புப் பசையைத் தடவுவதோ நம் வீடுகளில் இயல்பாக நடப்பது. காலக்கணிப்புக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. பழைய உறைகள் பலவற்றின் மேல் மெல்லிய பொன்முலாம் இருந்திருக்கும். தூண்களின் உள்மூலைகளிலும் கைப்பிடியின் அடியிலும் தங்கியிருக்கும் அதன் மிச்சம் ஒரு முக்கியமான சான்று. புளியும் பசையும் அதை அழிப்பதோடு, கண்ணாடி பொருந்தியிருக்கும் பள்ளத்தில் இறங்கி, கண்ணாடி எப்போது மாற்றப்பட்டது என்பதைக் காட்டும் பழைய அழுக்குக் கோட்டையும் கரைத்துவிடும்.

சாவி கொடுத்து ஓட வைத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் பிசினாகி உறைந்த கடிகாரத்தில், அதை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்கை முறுக்கினால், ஓடாத சக்கரங்களின் மேல் முழு விசையும் நிற்கும். ஆறு பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

3. முதல் சான்று: பின்தகடும் சாவித் துளைகளும்

பின்கதவில் தொடங்க வேண்டும். அந்தக் கதவு கண்ணாடியா, முழுப் பித்தளையா என்பதே முதல் கேள்வி. பாரிஸில் பால் கார்னியே 1830-ஐ ஒட்டி இவ்வகைக் கடிகாரங்களைத் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கிய காலத்திலும், அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும், முழுப் பித்தளைக் கதவில் துளையிட்டு, கதவைத் திறக்காமலே சாவி கொடுக்கும் அமைப்பு வழக்கில் இருந்தது. தூசி புகாமலிருக்க அந்தத் துளைகளை மூடும் சிறு தகடு ஒன்றும் உடன் இருப்பதுண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடிக் கதவே பொதுவான வழக்கமாகிவிட்டது. அதைத் திறந்தால், பின்தகட்டின் துளைகள் வழியே சதுர முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கண்ணாடிக் கதவும் சதுர முனைகளும் கொண்ட கடிகாரத்தை 1830களுக்கு எடுத்துச் செல்லும் எந்தக் குடும்பக் கதையையும் இந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கலாம்.

அடுத்து முனைகளை எண்ண வேண்டும். பெரிய சதுர முனை ஒன்று மட்டும் இருந்தால் மணி அடிக்காத கடிகாரம். இரண்டு இருந்தால் மணி அடிப்பது. சற்று மேலே தெரியும் சிறிய சதுரம் முள்ளைத் திருப்புவதற்கானது. இதனால்தான் இக்கடிகாரங்களின் சாவிக்கு இரண்டு முனைகள், ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருக்கும். இந்த எண்ணிக்கை காலத்தைச் சொல்லாது. ஒற்றை முனை என்பதால் பழையது என்று முடிவு கட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. உண்மையில் அது மலிவு விலைக்குச் செய்யப்பட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. சதுர முனைக்குப் பதிலாக, மேசை அலாரம் கடிகாரத்தில் இருப்பதுபோல் கழற்றாத சாவி நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால், மலிவான பிற்காலத் தயாரிப்பு என்று சந்தேகிக்க வேண்டும்.

காலத்தைச் சொல்வது துளையைச் சுற்றியுள்ள தகடுதான். லென்ஸை வைத்து அங்கே மூன்றைத் தேட வேண்டும்.

முதலாவது, முத்திரை எழுத்துகள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அந்நாட்டுக்குப் போகும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனும் 1887-இல் வணிகக் குறிகளுக்கான சட்டம் கொண்டுவந்தது. எனவே தகட்டில் 'ஃபிரான்ஸ்' என்றோ 'மேட் இன் ஃபிரான்ஸ்' என்றோ ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், பெரும்பாலும் அது 1890-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்தக்கூடாது. பிரான்சுக்குள்ளேயோ அதன் குடியேற்றப் பகுதிகளிலோ விற்பதற்கான கடிகாரத்துக்கு அந்த எழுத்துகள் தேவைப்படவில்லை என்பதால், முத்திரை இல்லாதது பழமைக்குச் சான்றாகாது. புதுச்சேரியில் கிடைக்கும் கடிகாரங்களைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை மிகவும் தேவை.

இரண்டாவது, தேய்மானம். சாவி வழுக்கி வழுக்கி முனையைச் சுற்றித் தகட்டில் வளையமாகக் கீறல்கள் விழுந்திருக்கும். சதுரத்தின் நான்கு விளிம்புகளும் மழுங்கியிருக்கும். முனை மழுங்கியிருந்து, கீழே உள்ள தகடு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால், தகடு மறுபடி மெருகேற்றப்பட்டிருக்கலாம். அப்போது முத்திரையும் தொடர் எண்ணும் மங்கியிருக்கின்றனவா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, புஷ் போட்ட அடையாளம். சக்கர அச்சின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்தால், கடிகாரக்காரர் அதைப் பெரிதாக்கி, சிறிய பித்தளை வளையத்தை அடித்து இறுக்குவார். சற்றே வேறு நிறத்தில் மெல்லிய வட்டக்கோடாக அது தெரியும். இது நீண்ட நாள் ஓடியதைக் காட்டுகிறதே தவிர, எத்தனை ஆண்டு என்று சொல்லாது.

4. இரண்டாம் சான்று: பெவல் கண்ணாடிகள்

ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்த கண்ணாடியே பெவல் கண்ணாடி. கண்ணாடி காலத்தை நேரடியாகத் தருவது அரிது. ஒவ்வொரு கண்ணாடியும் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்பதைக் காட்டுவதே அதன் பயன். கைப்பிடியைப் பற்றித் தூக்கும்போது நழுவி விழுந்த கடிகாரங்கள் ஏராளம். உடைந்த பக்கத்துக்குப் புதிய கண்ணாடி போட்டிருப்பார்கள்.

முதலில் சாய்வின் அகலத்தை அளவுகோலால் அளந்து, பக்கம் பக்கமாக எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கக் கண்ணாடிகளின் சாய்வும் ஒரே அகலத்தில் இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. அடுத்து மூலைகளைப் பார்க்க வேண்டும். இரண்டு சாய்வுகள் சந்திக்கும் கோடு, கண்ணாடியின் மூலைக்கு நேராக ஓட வேண்டும். அந்தக் கோடு ஒரு பக்கமாக விலகி, சட்டத்துக்குள் போய் மறைந்தால், வேறொரு பெரிய கண்ணாடியை வெட்டிச் சிறிதாக்கிப் பொருத்தியிருக்கிறார்கள்.

பிறகு, வீட்டுக் கூரையில் உள்ள டியூப் லைட்டின் பிம்பத்தைச் சாய்வின் மேல் விழச் செய்து, கடிகாரத்தை மெல்லச் சாய்க்க வேண்டும். கையால் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்த பழைய சாய்வில் அந்த ஒளிக்கோடு இலேசாக நெளியும். சாய்வும் தட்டைப் பகுதியும் சேரும் விளிம்பு சற்று மென்மையாக இருக்கும். இக்கால இயந்திரத்தில் தேய்த்ததில் கோடு வளையாது, விளிம்பு கத்திபோல் கூர்மையாகத் தெரியும். இது அனுபவத்தால் பழகும் சோதனை. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு பழைய கண்ணாடியையும், கண்ணாடிக் கடையில் வாங்கிய ஒரு புதிய பெவல் துண்டையும் அருகருகே வைத்துப் பழகிக்கொண்டால் கண் விரைவில் தேறிவிடும்.

உறுதியான எல்லையைத் தருவது குற்றலை விளக்கு. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி வார்க்கும் ஃப்ளோட் முறையைப் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. அவ்வாறு வார்த்த கண்ணாடியின் ஒரு முகத்தில் வெள்ளீயத்தின் சுவடு இருப்பதால், 254 நானோமீட்டர் ஒளியில் அந்த முகம் பால்போல் வெளிறி ஒளிரும். ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடி 1959-க்குப் பிந்தையது என்பதில் ஐயமில்லை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த ஒளி கண்ணாடியை ஊடுருவாது. அதனால் வெளியிலிருந்து பார்க்கும்போது வெளிமுகம் மட்டுமே சோதிக்கப்படுகிறது. வெள்ளீயச் சுவடுள்ள முகம் உள்ளே திரும்பியிருந்தால் எதுவும் ஒளிராது. எனவே ஒளிராத கண்ணாடியைப் பழையது என்று எழுதக்கூடாது. திறக்கக்கூடிய பின்கதவின் கண்ணாடியில் மட்டுமே இரு முகங்களையும் சோதிக்க முடியும்.

எத்தனை கண்ணாடி புதியதாக இருந்தாலும் அது கடிகாரத்தைப் புதியதாக்கிவிடாது. கண்ணாடிக்கு எழுதும் ஆண்டு கண்ணாடிக்கு மட்டுமே.

5. மூன்றாம் சான்று: எஸ்கேப்மென்ட்

மேல் கண்ணாடி வழியாகப் பார்த்தால், படுக்கையாக வைத்த ஒரு சிறு தகட்டின் மேல் பேலன்ஸ் சக்கரமும், அதன் நடுவே ஹேர்ஸ்பிரிங் என்னும் மயிரிழைச் சுருளும் தெரியும். இந்தத் தகட்டோடு சேர்ந்த முழு அமைப்பையும் பிளாட்ஃபார்ம் என்பார்கள். சில திருகுகளால் மட்டுமே இது கடிகாரத்தோடு இணைந்திருக்கிறது. தேய்ந்துபோனால் பழுது பார்ப்பதைவிட முழுவதையும் மாற்றுவது மலிவு என்பதால், உலகெங்கும் கடிகாரக்காரர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்தத் திருகுகளைக் கழற்றிப் பார்க்கக்கூடாது. மெயின்ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையில் பிளாட்ஃபார்மை எடுத்தால், சக்கரங்களைத் தடுத்து நிறுத்த எதுவும் இருக்காது. முழு விசையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து, பற்கள் உடையும், மெல்லிய அச்சு முனைகள் முறியும். முறுக்கைக் கைக்கருவியால் முதலில் இறக்கத் தெரிந்தவரே அதைத் தொடலாம். காலம் கணிப்பதற்குப் பார்வையே போதும்.

வகையை அறிவது முதல் வேலை. பேலன்ஸுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே கவட்டை போன்ற முனை கொண்ட ஒரு நெம்புகோல் இங்குமங்கும் அசைந்தால் அது லீவர். இடையில் எதுவும் இல்லாமல், பேலன்ஸின் அச்சுத்தண்டே பல்சக்கரத்தின் பற்களுக்கு நடுவில் நின்றால் அது சிலிண்டர். அந்தச் சக்கரத்தின் பற்கள் சிறு காம்புகளின் மேல் ஆப்பு வைத்ததுபோல் மேல்நோக்கி எழுந்திருக்கும்.

நூல் படித்து வருபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். சிலிண்டரை லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் 1720களில் நிலைநிறுத்தினார், லீவரைத் தாமஸ் மட்ஜ் 1750களில் கண்டார். ஆகவே சிலிண்டர் உள்ள கடிகாரம் பழையது, லீவர் உள்ளது புதியது என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். கண்டுபிடித்த வரிசை வேறு, கேரியேஜ் கடிகாரத்தில் பயன்பட்ட வரிசை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரண்டும் ஒரே சமயத்தில் விற்பனையில் இருந்தன. லீவர் விலை கூடியதற்கும், சிலிண்டர் விலை குறைந்ததற்கும் போயின. எனவே எளிய சிறிய உறையில் சிலிண்டர் இருப்பது இயல்பே, அது முதுமையின் குறி அல்ல.

காலத்துக்கு உதவுபவை பேலன்ஸும் சுருளும். பேலன்ஸின் வளையம் உள்ளே எஃகு, வெளியே பித்தளை என இரு நிறமாகவும், அதைத் தாங்கும் குறுக்குக் கைகளுக்கு அருகே வெட்டப்பட்டும், சுற்றிலும் சிறு திருகுகளோடும் இருந்தால், வெப்பத்தை ஈடுகட்டும் பழைய அமைப்பு அது. அத்தகைய பேலன்ஸோடு நீல நிற எஃகுச் சுருள் இருந்தால், 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரத்தோடு அது பொருந்தும். வெப்பத்தால் விசை மாறாத கலப்பு உலோகச் சுருள்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. அவற்றுக்கு வழி திறந்த சார்லஸ் எடுவார் கியோம் 1920-இல் நோபல் பரிசு பெற்றார். எனவே வெண்மையான சுருளும், திருகில்லாத வழவழப்பான வளையமும் சேர்ந்திருந்தால் அந்த பிளாட்ஃபார்ம் 20ஆம் நூற்றாண்டினது. பேலன்ஸ் அச்சின் மேலுள்ள சிவப்புக் கல்லின் மீது யாழ் வடிவச் சிறு கம்பி இருந்தால், அது அதிர்ச்சி தாங்கும் அமைப்பு. 1930களுக்கு முன்னர் அது இல்லை.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு முள்ளின் இருபுறமும் உள்ள எழுத்துகளையும் படிக்க வேண்டும். 'ஏ', 'ஆர்' என்று இருந்தால் பிரெஞ்சு வாங்குவோருக்கானது. 'எஃப்', 'எஸ்' என்று இருந்தால் ஆங்கிலம் பேசுவோருக்கானது. இது சந்தையைக் காட்டுகிறது, ஆண்டை அல்ல.

கடைசியாக, இந்த பிளாட்ஃபார்ம் இந்தக் கடிகாரத்தோடு பிறந்ததா என்று பார்க்க வேண்டும். தகட்டின் ஓரங்களில் டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்தால், பயன்படாமல் நிற்கும் பழைய திருகுத் துளைகள், நீளமாக அராவப்பட்ட துளைகள், வேறு அளவுள்ள தகடு இருந்த இடத்தில் நிறம் மாறிய விளிம்பு ஆகியவை தெரியும். இவற்றில் ஒன்றே போதும், மாற்றம் நடந்திருப்பதைச் சொல்ல.

6. ஒரு கடிகாரத்தை முழுமையாகக் கணித்த விதம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுப் பெரியவர் காட்டிய கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். "எங்க தாத்தா சைகோன்ல சொல்தாவா இருந்துட்டுத் திரும்பும்போது கொண்டு வந்தது சார். அது அவருக்கே அப்பவே நூறு வருஷத்துப் பழசாம்" என்றார். சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையின் சிப்பாய். பேரன் அதன் மேல் கண்ணாடியைக் காட்டி, "உள்ள இருக்கிறது பளபளன்னு இருக்கே, புதுசா சார்?" என்று கேட்டான். இரண்டு கேள்விக்கும் ஒரே வரிசையில்தான் விடை தேட வேண்டியிருந்தது.

பின்கதவு கண்ணாடி. ஒற்றைச் சாவி முனை, அதன் மேலே முள் திருப்பும் சிறு முனை. முனையின் விளிம்புகள் நன்றாக மழுங்கியிருந்தன. சுற்றிலும் வளையக் கீறல்கள், அருகே ஒரு புஷ் வட்டம். தகட்டின் அடிப்பகுதியில் 'மேட் இன் ஃபிரான்ஸ்' என்ற எழுத்துகள் பாதி மங்கிய நிலையில் இருந்தன. ஆகவே இயந்திரம் 1890-ஐ ஒட்டிய காலத்துக்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தாத்தாவின் காலத்திலேயே அது நூறு ஆண்டுப் பழையதாக இருந்திருக்க முடியாது.

முன்பக்க, வலப்பக்க, பின்கதவுக் கண்ணாடிகளின் சாய்வு ஒரே அகலம். ஒளிக்கோடு மூன்றிலும் நெளிந்தது. இடப்பக்கக் கண்ணாடியின் சாய்வு குறுகலாகவும் கூர்மையாகவும் இருந்தது. குற்றலை விளக்கில் அதன் வெளிமுகம் பால்போல் ஒளிர்ந்தது. அந்த ஒன்று மட்டும் 1959-க்குப் பின் போடப்பட்டது.

மேலே இருந்தது லீவர் பிளாட்ஃபார்ம்: வழவழப்பான வளையம், வெண்மையான சுருள், யாழ் வடிவக் கம்பி. பேரன் பார்த்துச் சொன்னது சரி, அந்தப் பகுதி 1930களுக்கு முந்தையதாக இருக்க முடியாது. அதன் ஓரத்தில் இரண்டு வெற்றுத் துளைகள் இருந்தன. பழைய பாகம் ஏதேனும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டபோது, பெரியவர் பீரோவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தார். முன்பு பழுது பார்த்தவர் திருப்பிக் கொடுத்ததாம். உள்ளே ஒரு சிலிண்டர் பிளாட்ஃபார்ம் இருந்தது. பேலன்ஸ் அச்சின் அடிமுனை முறிந்திருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முள்ளின் இருபுறமும் 'ஏ', 'ஆர்'. அதன் திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தபோது, கடிகாரத்தில் வெறுமையாக இருந்த துளைகளோடு சரியாகப் பொருந்தியது.

இப்போது கீழ் எல்லை உறுதி: சுமார் 1890. மேல் எல்லைக்குத் தகட்டில் சான்று இல்லை. சிலிண்டர் பிளாட்ஃபார்ம், கையால் தேய்த்த கண்ணாடிகள், எளிய உறை ஆகிய மூன்றும் சேர்ந்து முதல் உலகப் போருக்கு முந்தைய காலத்தைக் காட்டுகின்றன, அந்தப் போருக்குப் பின் இத்தொழில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆகவே பதிவில் எழுதியது இதுதான்: "இயந்திரமும் உறையும் சுமார் 1890 முதல் 1914 வரை, மேல் எல்லை பாணியைக் கொண்டு கணித்தது. பிளாட்ஃபார்ம் 1930களுக்குப் பின் மாற்றப்பட்டது, பழையது உடன் உள்ளது. இடப்பக்கக் கண்ணாடி 1959-க்குப் பிந்தையது."

அந்தப் பொட்டலத்தைக் கடிகாரத்தோடு சேர்த்தே வைத்திருக்கும்படி சொன்னேன். விற்பவர்கள் பயனற்றது என்று எறிந்துவிடும் முறிந்த பாகம், இந்தக் கடிகாரத்தைப் பொறுத்தவரை மிக வலுவான சான்று.

7. பதிவு எழுதும்போது

இயந்திரம், உறை, கண்ணாடிகள், பிளாட்ஃபார்ம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆண்டை எழுதினால், பின்னர் பார்ப்பவருக்கு எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். முத்திரையிலிருந்து வந்த எல்லையையும், பாணியைக் கொண்டு ஊகித்த எல்லையையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

முகப்பில் எழுதியிருக்கும் பெயரைச் செய்தவரின் பெயராகக் கொள்ளக்கூடாது. இக்கடிகாரங்களின் இயந்திரங்கள் பெரும்பாலும் டியெப் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் நிக்கோலா தலியெர்மோன் போன்ற ஊர்களில் முரட்டு வடிவில் செய்யப்பட்டு, பாரிஸில் முடிக்கப்பட்டு, விற்ற கடைக்காரரின் பெயரோடு வெளிவந்தவை. அந்தப் பெயரைக் 'கடைப் பெயர்' என்று தனியே குறித்துக்கொண்டு, அந்தக் கடை எந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று தெரிந்தால் மட்டும் அதைக் கணிப்பில் சேர்க்கலாம்.